ஆள் அளவா, துணி அளவா

ஒரு சட்டைப் படத்துக்குக் கீழே 'மார்பு 40' என்று மட்டும் எழுதியிருந்தால், வாங்குகிறவர் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம். மார்புச் சுற்று 40 இஞ்சு உள்ள ஆளுக்கு இது பொருந்தும் என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். சட்டையைச் சுற்றி அளந்தால் 40 இஞ்சு வரும் என்று இன்னொருவர் எடுத்துக்கொள்வார். இந்த இரண்டுக்கும் நடுவே நான்கைந்து இஞ்சு வித்தியாசம் இருக்கிறது. ரெடிமேடு கணக்கில் அது இரண்டு சைஸ். இதைத் தெளிவாக எழுதாத அட்டவணையில் வேறு எத்தனை எண் இருந்தாலும் பயனில்லை என்பது என் கருத்து. கொஞ்ச காலமாக இது மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகன் ஈரோட்டில் கைத்தறிப் பருத்தித் துணியில் ஆண்களுக்கான சட்டையும் குர்தாவும் தைத்து இணையத்தில் விற்கிறார். லிஸ்டிங் எழுதுவது என் பொறுப்பு. நான் உள்ளே வந்தபோதே அளவு அட்டவணை ஒன்று இருந்தது. தைத்துக் கொடுக்கிற யூனிட்டிலிருந்து வந்தது. சைஸ், மார்பு, ஷோல்டர், உயரம் என்று நான்கு கட்டம், அவ்வளவுதான். அப்புறம் ஒரே வாரத்தில், ஒரே கருநீலக் குர்தா, ஒரே 40 சைஸ், இரண்டு பேரிடமிருந்து திரும்பி வந்தது. 'தொளதொளவென்று இருக்கிறது, இரண்டு பேர் உள்ளே போகலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பிடிக்கிறது, உட்கார முடியவில்லை' என்று மற்றவர். இரண்டையும் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். அளவில் துளி வித்தியாசம் இல்லை. அண்ணன் இருவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் அது அடங்கவில்லை. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், துணியும் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு எது தப்பு?

இருவரிடமும் போனில் பேசினேன். முதலாமவர் தனக்குப் பிடித்த ஒட்டினாற்போன்ற சட்டை ஒன்றை எடுத்து அளந்திருக்கிறார். சுற்றளவு 40 வந்திருக்கிறது. அட்டவணையிலும் 40. உடனே ஆர்டர். அவருடைய உடம்பின் மார்புச் சுற்று 36தான். எங்கள் குர்தாவோ சுற்றி 45 இஞ்சு. தொளதொளக்காமல் என்ன செய்யும்? இரண்டாமவர் உடம்பைத்தான் அளந்திருக்கிறார், 40 சரியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் அவருக்கு வயிறு 43. குர்தா வயிற்றுப் பக்கத்தில் 44 இஞ்சு. நிற்கும்போது எப்படியோ சமாளித்துவிடுகிறது, உட்கார்ந்தால் பிடிக்கிறது. அதைப் பற்றி எங்கள் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

மாஸ்டர் கேட்டது

அட்டவணையைத் தூக்கிக்கொண்டு யூனிட்டின் கட்டிங் மாஸ்டரிடம் போனேன். சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்து, பிறகு யூனிட்டுக்கு வந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். முதலில் கேட்டதே இதுதான்: "இது ஆளு அளவா, துணி அளவா கண்ணு?"

மார்பு ஆள் அளவு என்று அவரே கண்டுபிடித்தார், ஏனென்றால் அந்த 40 சைஸுக்கு எவ்வளவு வெட்டுகிறார் என்று அவருக்குத் தெரியும். ஷோல்டரும் உயரமும் துணி அளவு. ஆக, ஒரே அட்டவணையில் ஒரு கட்டம் உடம்பைச் சொல்கிறது, அடுத்த இரண்டு கட்டம் ஆடையைச் சொல்கிறது. இது எங்கள் கடையில் மட்டும் இல்லை. நிறைய இடங்களில் இப்படித்தான் இருக்கிறது, ஏனென்றால் சைஸ் எண் என்பதே உடம்பின் மார்புச் சுற்றிலிருந்து வருகிறது. 40 சைஸுக்கு நேரே மார்பு 40 என்று எழுதுவது யாருக்கும் இயல்பாக வந்துவிடும். மற்ற இரண்டையும் ஆடையை அளந்து எழுதுவார்கள்.

நான் திரும்ப எழுதப்போகிறேன், எல்லாவற்றையும் ஆள் அளவாகவே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "எங்கடையில உடம்புல டேப் வெச்சு அளந்ததுங்கிறதே கம்மி கண்ணு. அளவுச் சட்டை கொண்டாங்கன்னுதான் சொல்லுவேன். உடம்ப அளந்தா லூஸ் எவ்வளவு உடோணும்னு நான் முடிவு பண்ணோணும். அளவுச் சட்டையில அத அவரே முடிவு பண்ணி வெச்சிருக்காரு."

எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. தையல்காரரிடம் போகும்போது பழைய சட்டை ஒன்றை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய் வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனால் இணையத்தில் சட்டை வாங்கும்போது அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மார்பின் அகலமான இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள், மூச்சை இயல்பாக விடுங்கள், யாரையாவது பின்னால் நின்று ஷோல்டரை அளக்கச் சொல்லுங்கள் என்றுதான் எல்லாக் கடையும் எழுதுகிறது. எங்கள் கடையில் ஆண்களின் சட்டையைப் பெரும்பாலும் வாங்குவது அவர்களுடைய மனைவியோ அம்மாவோ அக்காவோதான். ஆள் வேலைக்குப் போயிருப்பார். ஆனால் அவருடைய சட்டை பீரோவில் இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். அதுவும் மேசையில் ஆடாமல் அசையாமல் கிடக்கும்.

அன்றைக்கு முடிவு செய்தேன்: அட்டவணையில் இருக்கிற எல்லா எண்ணும் துணி அளவாக இருக்க வேண்டும். வாங்குகிறவரும் ஒரு துணியைத்தான் அளக்க வேண்டும். சைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் 'மார்பு 39 முதல் 40 வரை உள்ளவருக்கு' என்று உடம்பைச் சொல்லும் ஒரு வரி தனியாக, வேறு எழுத்தில் இருக்கும்.

லூஸ்

உடம்புக்கும் ஆடைக்கும் நடுவே விடுகிற இந்த இடத்தைத்தான் மாஸ்டர் லூஸ் என்கிறார். நெய்த துணி நீளாது. அதனால் மூச்சு விடவும் கையைத் தூக்கவும் அந்த இடம் வேண்டும். 40 மார்புக்கு வழக்கமான சட்டை என்றால் சுற்றளவில் நான்கு இஞ்சு விடுவார்கள், ஆடை 44 வரும். ஒட்டினாற்போல் வேண்டுமென்றால் மூன்று, அதற்கும் கீழே போனால் பட்டன் இழுக்கும். குர்தாவுக்கு ஐந்து, ஆறு கூட விடுவார்கள். குர்தாவின் பட்டி பாதியோடு நின்றுவிடும், முழுசாகத் திறக்காது. தலை வழியாக மாட்டித் தோளையும் கையையும் உள்ளே நுழைக்க வேண்டும். சட்டை அளவுக்கே குர்தாவைத் தைத்தால் போட்ட பிறகு சரியாகத்தான் இருக்கும், கழற்றும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு லூஸ் நல்லது என்பதற்குப் பொது விடை கிடையாது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், இந்திய உடல் அளவுகளுக்கென்று ஓர் அட்டவணை உருவாக்க ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. நல்ல முயற்சி. நம் ஊர் உடம்புக்கு வெளிநாட்டு அளவுகளை ஒட்டவைக்கும் கஷ்டம் அதனால் குறையும். ஆனால் 40 மார்பு உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மூன்று இஞ்சு பிடிக்கும், இன்னொருவருக்கு ஆறு இஞ்சு இருந்தால்தான் சட்டை போட்ட மாதிரி இருக்கும். அதை எந்த ஸ்கேனரும் சொல்லாது. அவருக்குப் பிடித்த சட்டைதான் சொல்லும்.

கடைப் பக்கத்து மேசை

வாங்குகிறவரை அளக்கச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் ஒழுங்காக அளக்க வேண்டும். பேட்டர்னில் இருக்கிற எண்ணை எடுத்து எழுதவே கூடாது. பேட்டர்னில் தையலுக்கு விட்ட துணியும் சேர்ந்திருக்கும். பல அடுக்கு துணி போட்டு ஒரேயடியாக வெட்டும்போது மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் கொஞ்சம் மாறும். தைத்து, அயர்ன் செய்து, பாக்கெட்டில் போகிற நிலையில் உள்ள பீஸைத்தான் அளக்க வேண்டும். ஒரு சைஸுக்கு மூன்று பீஸ் எடுத்து அளந்துபார்த்தால் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். அரை இஞ்சுக்குள் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் ஆடினால் எழுதுகிறவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, அந்த லாட்டைக் கட்டிங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

டேப்பையும் பார்க்க வேண்டும். துணி டேப் நாளாக நாளாக நீளும், நுனித் தகடு ஆடும். ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

மார்பை அளக்கும்போது பட்டன் எல்லாவற்றையும் போட்டு, முன்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் பரப்ப வேண்டும். சுருக்கத்தைக் கையால் நீவிவிடலாம், இழுக்கக் கூடாது. கையும் உடம்பும் சேரும் அக்குள் தையலுக்கு ஒரு இஞ்சு கீழே, ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல் வரை நேராக அளக்க வேண்டும். ஒரு இஞ்சு கீழே என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சரியாக அக்குள் முனையில் வைத்தால் அங்கே துணி குவிந்திருக்கும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் டேப்பை வைப்பார்கள். இங்கே அரை இஞ்சு தவறினால் சுற்றளவில் அது ஒரு இஞ்சு. அதனால் அட்டவணையில் மேசையில் வைத்த அளவையும் (22½), சுற்றளவையும் (45) பக்கத்துப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒன்றை மட்டும் எழுதினால் யாராவது இரண்டால் பெருக்க மறப்பார்கள், இல்லையென்றால் பெருக்கியதையே மறுபடி பெருக்குவார்கள்.

ஷோல்டருக்குச் சட்டையைத் திருப்பி முதுகுப் பக்கம் மேலே வைக்க வேண்டும். ஒரு தோளில் கை சேரும் தையலிலிருந்து மறு தோளின் தையல் வரை, காலருக்குக் கீழே நேர்கோட்டில். கழுத்துப் பக்கம் ஏறி இறங்கி அளந்தால் எண் கூடிவிடும். மூன்று அளவில் ரொம்பக் கறாராக இருக்க வேண்டியது இதில்தான். மார்பு கொஞ்சம் கூடினால் பக்கத்தில் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். உயரம் கூடினால் அடியை மடித்துவிடலாம். ஷோல்டர் கூடினால் கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும். தெருமுனைத் தையல்காரர் அதற்கு முகம் சுளிப்பார், சுளிக்காவிட்டால் கூலி அதிகம் கேட்பார். ரெடிமேடில் உள்ளே விட்டிருக்கும் துணி அரை இஞ்சுகூட இருக்காது என்பதால், குறைந்ததைப் பெரிதாக்கலாம் என்ற பேச்சே எந்த அளவிலும் இல்லை.

உயரத்தை எங்கிருந்து அளந்தது என்று பல லிஸ்டிங்கில் சொல்வதே இல்லை. காலரும் தோள் தையலும் சந்திக்கிற புள்ளியிலிருந்து முன்பக்கமாக அடி வரை அளப்பது ஒரு வழக்கம். பின்கழுத்தின் நடுவில், காலருக்குக் கீழேயிருந்து அளப்பது இன்னொரு வழக்கம். பின்கழுத்து தோள் புள்ளியைவிடத் தாழ்வாக இருப்பதால் அதே ஆடைக்கு இரண்டு எண் வரும். அடி வளைவாக வெட்டிய சட்டையில் முன்னும் பின்னும் வேறு நீளம் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். நான் எப்போதும் தோள் புள்ளியிலிருந்துதான் எழுதுகிறேன், காலரைச் சேர்க்காமல், முன்பக்கத்தின் மிகத் தாழ்ந்த இடம் வரை. லிஸ்டிங்கில் அதைச் சொல்லவும் சொல்கிறேன்.

இந்த மூன்றோடு நான்காவதாக வயிற்றைச் சேர்த்தேன். அண்ணனுக்கு இதில் தயக்கம். ஆண்கள் சட்டையில் யாரும் வயிறு என்று போடுவதில்லையே, வாங்குகிறவர் சங்கடப்படுவாரோ என்று கேட்டார். இரண்டாவது குர்தா ஏன் திரும்பி வந்தது என்று நினைவுபடுத்தினேன். நாற்பது வயதுக்கு மேல் நம் ஊர் ஆண்களில் பலருக்கு மார்பைவிட வயிறுதான் பெரிசு. அவர்கள் எந்தச் சைஸ் எடுப்பது என்பதை வயிறுதான் முடிவு செய்கிறது. குர்தாவில் பக்கவாட்டு வெட்டு தொடங்குவதற்கு ஒரு சாண் மேலே அளக்கிறோம். அந்த இடம்தான் உட்காரும்போது இறுகும்.

குறிப்பு எப்படி அமைந்தது

அளக்கும் முறை பற்றிய குறிப்பைப் பலமுறை மாற்றி எழுதினேன். இப்போது இருப்பது இது:

"உங்களிடம் இருக்கும் சட்டைகளில் அவருக்கு நன்றாகப் பொருந்துகிற ஒன்றை எடுங்கள். டீ-ஷர்ட் வேண்டாம். பட்டன் போட்டு மேசையிலோ தரையிலோ இழுக்காமல் விரியுங்கள். அக்குளுக்கு ஒரு இஞ்சு கீழே இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல் வரை அளந்து, கீழே 'மேசையில் மார்பு' என்ற கட்டத்தோடு ஒப்பிடுங்கள். திருப்பிப் போட்டு, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை அளந்தால் ஷோல்டர். அட்டவணையில் உள்ளவை எல்லாம் ஆடையின் அளவு, உடம்பின் அளவு அல்ல. உடம்போடு ஒப்பிட வேண்டாம்."

டீ-ஷர்ட் வேண்டாம் என்ற வரி பின்னால் சேர்ந்தது. பின்னலாடை நீளும், உடம்பைவிடச் சிறிதாக இருந்தாலும் ஏறிவிடும். 40 மார்பு உள்ளவருடைய பழகிய டீ-ஷர்ட் மேசையில் 19 இஞ்சு, சுற்றி 38கூட இருக்கலாம். அதை வைத்துக் கைத்தறிச் சட்டை வாங்கினால் கை உள்ளேயே போகாது.

உயரத்துக்குத் தனிக் குறிப்பு. குர்தா வாங்குகிறவரிடம் ஏற்கெனவே குர்தா இருந்தால் சரி. இல்லாவிட்டால் சட்டையின் உயரம் பயன்படாதே என்று தோன்றும், ஆனால் பயன்படும். அந்தச் சட்டையை அவர் இன் செய்யாமல் போட்டு நேராக நிற்கட்டும். சட்டையின் அடியிலிருந்து குர்தா எதுவரை வர வேண்டுமோ அதுவரை இன்னொருவர் அளக்கட்டும். சட்டை உயரம் 30, அதன் அடியிலிருந்து முழங்கால் வரை 10 என்றால் குர்தா 40. குனிந்து தானே அளந்தால் சட்டை மேலே ஏறிவிடும், எண் தப்பும்.

படத்தில் இருக்கிற மாடலின் உயரத்தையும் எழுதுவது இதற்காகத்தான். கழுத்திலிருந்து முழங்கால் வரை உள்ள தூரம் ஆளின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆறடி மாடலுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கிற குர்தா, ஐந்தரை அடி ஆளுக்கு மூன்று இஞ்சுக்கு மேல் கீழே இறங்கிவிடும். படத்தைப் பார்த்து வாங்கியவர் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பது நியாயம்தான்.

இந்தக் குறிப்பை வைத்து ஒரு பெண்மணி கணவருக்கு எடுத்ததைச் சொல்கிறேன், அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்பது இதில் தெரியும். அவர் அளந்த சட்டை மேசையில் மார்பு 22, அதாவது சுற்றி 44. ஷோல்டர் 18½. எங்கள் குர்தா 40 சைஸில் சுற்றி 45, ஷோல்டர் 18. 42 சைஸில் சுற்றி 47, ஷோல்டர் 18½. எதை எடுப்பது என்று கேட்டு எழுதினார். ஷோல்டரைப் பார்த்தால் 42. ஆனால் மார்பு அவருடைய சட்டையைவிட மூன்று இஞ்சு கூடும், அது தொங்கும். 40இல் மார்பு ஒரு இஞ்சு கூட, குர்தாவுக்கு அது இயல்பு. ஷோல்டர் அரை இஞ்சு குறைவு என்றால் பக்கத்துக்குக் கால் இஞ்சு உள்ளே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. இதுவரை 40தான் சரி. ஆனால் அவர் உட்காரும்போது அந்தச் சட்டையின் கீழ்ப் பட்டன்கள் இழுக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டேன். இழுக்கிறது, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பட்டனைத்தான் கழற்றுவார் என்று பதில் வந்தது. 42 அனுப்பினோம். ஷோல்டர் சரியாக வந்தது, மார்பில் உள்ள கூடுதலை அவர்கள் ஊர்த் தையல்காரர் பக்கத்தில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தாராம், வயிற்றுப் பக்கம் தொடவில்லை.

செ.மீ. அளவையும் பக்கத்தில் போடுகிறோம். பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் ஆயத்த ஆடையில் அதை எதிர்பார்க்கின்றன, வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கும் அதுதான் வசதி. 45 இஞ்சு 114 செ.மீ., ஷோல்டர் 18 இஞ்சு 46 செ.மீ. ஆனால் நம் ஊர் தையல் மேசையில் பேச்சு எல்லாம் இஞ்சில்தான் என்பதால் இஞ்சை முன்னால் வைக்கிறேன். அட்டவணையைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுகிறோம். சின்ன போனில் படத்தை விரித்து விரித்துப் படித்தால் ஒரு வரிசை தள்ளிப் பார்த்துவிடுவார்கள்.

துவைத்த பிறகு

கைத்தறிப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நூறு இஞ்சுக்கு மூன்று முதல் ஐந்து இஞ்சு வரை என்று வைத்துக்கொள்ளலாம், பாவு போகிற நீளவாக்கில் பெரும்பாலும் அதிகம். 40 இஞ்சு குர்தா நான்கு சதவீதம் சுருங்கினால் ஒன்றரை இஞ்சுக்கு மேல் போய்விடும். முழங்காலைத் தொட்டது முழங்காலுக்கு மேலே ஏறும். அளந்தபோது சரியாகத்தான் இருந்தது என்று கடைக்காரரும் சொல்வார், போட்டுப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது என்று வாங்கியவரும் சொல்வார். பிறகு ஒரு நட்சத்திரம் விமர்சனம் வரும்.

அதனால் ஒவ்வொரு துணி லாட்டிலும் ஒரு குர்தாவை அளந்து எழுதிவைத்துவிட்டு, வீட்டில் துவைப்பது போலவே துவைத்து, நிழலில் காயவைத்து, அயர்ன் செய்து மறுபடி அளக்கிறோம். முன்னமே துணியை நனைத்துக் காயவைத்துத் தைத்த லாட்டில் அரை இஞ்சுகூடக் குறைவதில்லை. அப்படிச் செய்யாத லாட்டில் குறைகிறது. எந்த அளவை அட்டவணையில் போடுவது என்று கொஞ்சம் யோசித்தோம். துவைத்த பின் வருகிற எண்ணைப் போட்டால், பாக்கெட்டைப் பிரித்து அளப்பவர் எண் கூடுதலாக இருக்கிறதே என்பார். எனவே அனுப்பும்போது உள்ள அளவையே போட்டு, அடுத்த கட்டத்தில் 'முதல் துவைப்புக்குப் பின் உயரம் சுமார் 38½' என்று எழுதுகிறோம். ஒப்பிடுகிறவருடைய சட்டை ஏற்கெனவே பலமுறை துவைத்தது, அதனால் உயரத்துக்கு இரண்டாவது எண்ணோடு ஒப்பிடச் சொல்கிறோம். மார்பு அகலவாக்கில் என்பதால் அங்கே குறைவது கொஞ்சம்தான். ஆனாலும் நடுவில் ஊசலாடுகிறவரைப் பெரிய சைஸ் எடுக்கச் சொல்கிறோம்.

தோள் தையல் இல்லாத குர்தா

இப்போது அண்ணன் புதிதாகக் கலிதார் குர்தா தைக்க ஆரம்பித்திருக்கிறார். உடம்புத் துணி நேர்த் துண்டு, கையும் நேர்த் துண்டு, பக்கவாட்டில் முக்கோணமாக விரியும் கலி, அக்குளில் சின்னச் சதுரத் துணி. பழைய வெட்டு, கையைத் தூக்கினால் குர்தா முழுவதும் மேலே வராது, வெயில் ஊருக்கு அருமையானது. ஆனால் என் அட்டவணை இதற்குச் சரிப்படவில்லை. கை சேருகிற தையல் தோள் முனையில் இல்லாமல் புஜத்தில் இறங்கி நிற்கிறது. தையலிலிருந்து தையல் அளந்தால் 22 இஞ்சு வருகிறது. அதை ஷோல்டர் கட்டத்தில் போட்டால் 18½ ஷோல்டர் உள்ளவர் பயந்து ஓடிவிடுவார். இதற்கு ஷோல்டர் கட்டத்தையே எடுத்துவிட்டு, பின்கழுத்தின் நடுவிலிருந்து கை நுனி வரை ஒரே அளவாகக் கொடுக்கிறேன், அவருடைய சட்டையிலும் அதே மாதிரி அளந்து ஒப்பிடலாம். மார்பைச் சதுரத் துணிக்குக் கீழே அளக்க வேண்டும், அதன் நடுவில் வைத்தால் இல்லாத அகலம் சேர்ந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் கலி விரிவதால் வயிறு அளவு இதில் யாருக்கும் பிரச்சினை இல்லை, ஆனாலும் அந்தக் கட்டத்தை நான் எடுக்கவில்லை. 43 இஞ்சு வயிறு உள்ளவர் அதைப் பார்த்துத்தான் தனக்கு எந்தக் குர்தா என்று முடிவு செய்கிறார்.